சும்மாதானே இருக்கீங்க

2005 வாக்கில் காசநோய்ச் சிகிச்சை என்றால் ஓர் ஆளுக்கு ஓர் அட்டைப் பெட்டி. புதிதாக நோய் கண்டவருக்குச் சிவப்பு. ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு நடுவில் விட்டவருக்கும், குணமாகித் திரும்ப நோய் வந்தவருக்கும் நீலம். முழுச் சிகிச்சைக்கான மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நோயாளியின் பெயரை மேலே எழுதி, அவர் ஊரிலேயே ஒருவர் பொறுப்பில் வைத்துவிடுவோம். ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று யாரையும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். மருந்து இல்லை என்று சாக்குச் சொல்லும் வழியை எங்களிடமிருந்து பிடுங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நோயாளி சிகிச்சையை விட்டுப் போனால் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும். ஒரு முறை அதை என் வாயில் தேட வேண்டி வந்தது.

நான் அப்போது சிவகங்கை மாவட்டத்தில் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர். பெயர்தான் பெரிது. சுமார் 5 லட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் போட்ட பதவி, ஒரு பைக், ஒரு பதிவேடு. யார் யாருக்குப் பெட்டி போயிருக்கிறது, யார் ஒழுங்காக விழுங்குகிறார்கள், யார் விழுங்கவில்லை என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது வேலை. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் 24 தவணை. ஒவ்வொரு தவணையையும் பொறுப்பாளர் கண்முன்னே விழுங்க வேண்டும். தவணைக்கு ஏழு மாத்திரை, ஒரே மூச்சில். அதில் ஒன்று ரிஃபாம்பிசின். அது உள்ளே போனால் சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாகிவிடும். ‘மாத்திரை சாப்பிட்டாச்சு சார்’ என்பவர் உண்மையைச் சொல்கிறாரா என்று பார்க்க எங்களுக்கு அதுவே போதும்.

எந்நேரமும் சந்தேகப்படுகிற வேலை. அதில் இருப்பவன் பேச்சும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

மானாமதுரைக்குக் கிழக்கே ஓர் ஊர். கருவேலங்காடும் கரிமூட்டமும்தான் அங்கே பிழைப்பு. அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர் ஒருவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மாதக்கணக்காக இருமி, மாலையானால் காய்ந்து, உடம்பு பாதியாக இளைத்து, மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய தாய் தகப்பன் இல்லை. சொந்த ஊரில் வீடும் இல்லை. சளிப் பரிசோதனையில் இரண்டு பிளஸ். நுரையீரலில் இருந்து கிருமி வெளியே வந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றும் என்று அர்த்தம். வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நோய் வராமல் தடுக்க ஐசோநியாசிட் ஆறு மாதம் கொடுப்போம். அந்தக் குழந்தைக்கும் கொடுத்தோம். உடம்பு தேறும்வரை மிஷினில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார்.

பெட்டி அங்கன்வாடியில் இருந்தது. அங்கன்வாடிப் பணியாளரை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பது மணிக்கு முன்னால் மாப்பிள்ளை அங்கே வந்து மாத்திரை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். ஐந்து வாரம் ஒழுங்காக வந்தார். 15 தவணை. ஆறாவது வாரம் திங்கள் வரவில்லை. டீச்சர் ஆள் விட்டுக் கேட்டதற்கு, நாளைக்கு வருகிறேன் என்றார். வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழன் விடியக்காலையிலேயே நான் வீட்டுக்குப் போனேன். தவணை தப்பினால் மறுநாளே தேடிப் போக வேண்டும் என்பது விதி. இரண்டு தவணை போய்விட்டது, எனக்குப் பதற்றம்தான்.

அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மனைவி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் மூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டிருந்தார். நான் பைக்கை நிறுத்தின கையோடு கேட்டேன்.

“வீட்ல சும்மாதானே இருக்கீங்க. அங்கன்வாடி இந்தா இருக்கு. வாரத்துல மூணு நாளு வந்துட்டுப் போறதுக்கு என்ன?”

அவர் எழுந்து நின்றார். “நாளைக்கு வந்திர்றேன் சார்” என்றார். மாமியார் துண்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, யாரைப் பார்த்தும் இல்லாமல், “அதான், சாரே சொல்லிட்டாரு” என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. வியாழன் இரவே திருப்பூருக்குப் பஸ் ஏறியிருந்தார்.

அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மாத்திரை தப்புவதற்கு முதல் காரணம் வேலை நேரம். கரிமூட்டத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். அங்கன்வாடி திறக்கும்போது ஆள் காட்டில் இருப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு இரவில் மாத்திரை கொடுக்கப் பெட்டிக்கடைக்காரரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ பொறுப்பாளராக மாற்றிப் போடுவோம். இவருக்கு அந்தத் தொல்லை இல்லை. வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார், அங்கன்வாடி நாலு வீடு தள்ளி. அப்படியானால் தடை வேறு எதுவோ, அது என்ன என்பதுதான் என் கேள்வி. ‘சும்மா’ என்று நான் சொன்னது அவருடைய நேரத்தை. அன்றைக்கும் அதைத்தான் நினைத்தேன், இன்றைக்கும் அந்தக் கேள்வி கேட்க வேண்டிய கேள்விதான் என்றே நினைக்கிறேன். கேட்காமல் வந்திருந்தால் சம்பளத்துக்கு நான் என்ன வேலை செய்தேன்?

மருத்துவ அலுவலரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நோட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒரு ஸாரி சொல்லிட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள வந்துட்டா அதே பெட்டியைத் தொடரலாம். அதுக்கு மேல போனா மறுபடி சளி பார்க்கணும், முதல்ல இருந்து யோசிக்கணும்” என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு, சளியில் கிருமியோடு திரும்பி வந்தால் நீலப் பெட்டி. எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் மாத்திரையோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், 24 ஊசி. அதற்குள் கிருமி மருந்துக்குப் பழகிப்போனால் நீலப் பெட்டியும் எடுபடாமல் போகலாம்.

ஆனால் அந்த ‘ஒரு ஸாரி’ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதா என்ற வீம்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆளை மாத்திரைக்கு வரவைப்பதற்காகக் கேட்கிற மன்னிப்பு மன்னிப்பாகுமா, அது தூண்டிலில் மாட்டுகிற புழு மாதிரி ஆகிவிடாதா என்ற கூச்சம். வீம்புக்கு நான் வைத்துக்கொண்ட நல்ல பெயராகவும் அந்தக் கூச்சம் இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் திருப்பூரில் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு மளிகைக்கடை. அந்தக் கடை நம்பரை மனைவி கொடுத்தாள். இரவு ஒன்பதரை மணிக்கு மேல் கூப்பிட்டால் ஆள் கிடைக்கும். கூப்பிட்டேன்.

“நான் உங்களத் தப்பா எதுவும் சொல்லலைங்க. உங்க நல்லதுக்குத்தான் கேட்டேன். அது உங்க மனசக் கஷ்டப்படுத்தியிருந்தா ஸாரி.”

“அய்யய்யோ, அதெல்லாம் ஒன்னுமில்ல சார். நான் ஒன்னும் நினைக்கல.”

“அப்ப எப்ப வர்றீங்க?”

“சம்பளம் வாங்கிட்டு வந்திர்றேன் சார்.”

போனை வைத்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, அவரும் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘பேசியாயிற்று, வருவார்’ என்று பென்சிலில் எழுதினேன். பேனாவில் எழுதவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

‘நான் ஒன்னும் நினைக்கல’ என்று நம் பக்கத்தில் யார் எப்போது சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நன்றாக நினைத்த பிறகுதான் சொல்வார்கள். தன்னைவிட மேலே இருப்பவன் வருத்தம் தெரிவிக்கும்போது, அந்த இடத்தைச் சங்கடமில்லாமல் மூடிவிட அதைவிட மரியாதையான வழி கிடையாது. நான் சார். அவர் நோயாளி. என் போனை அவர் வேறெப்படி முடித்துவைக்க முடியும்? நான் பேசினதையும் பாருங்கள். தப்பாகச் சொல்லவில்லை என்பது முதலில், உங்கள் நல்லதுக்கு என்பது அடுத்து, கடைசியில் ‘கஷ்டப்படுத்தியிருந்தா’ என்று ஒரு சந்தேகம். மூன்றும் என்னைப் பற்றியவை. அவருக்கு அதில் பதில் சொல்லக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

சனிக்கிழமை போனது. சம்பளம் வாங்கினார், வரவில்லை.

டீச்சரிடம் புலம்பினேன். பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க கேட்டதுல தப்பில்ல சார்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டே, “ஆனா அது அந்தம்மா கையில கெடச்சிருச்சே” என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியாத பாதி. மாப்பிள்ளை வந்து தங்கினதில் இருந்தே மாமியாருக்குக் குமைச்சல். கெட்ட மனுஷி இல்லை. கரிமூட்டத்தில் புகையைத் தின்று ஒற்றை ஆளாகச் சம்பாதித்து நாலு பேருக்குச் சோறு போடுகிறவர். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல முடியாது, மாப்பிள்ளை அல்லவா. முனகல், பாத்திரம் வைக்கிற சத்தம், அவ்வளவுதான். அன்றைக்கு நான் அந்தத் திண்ணைக்கு முன்னால் நின்று, அவர் மனதுக்குள் பல வாரமாக வைத்திருந்ததை அரசாங்க வாயால் சொல்லிவிட்டேன். அன்று இரவு சோறு போடும்போது, “சும்மா இருக்கிறவகளுக்கு என்ன, நேரத்துக்குச் சாப்பிடலாம். சாரே சொல்லிட்டாரு” என்றாராம். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவர்தான் பஸ் ஏறினார்.

“அப்ப திங்கக்கிழம ஏன் வரல?” என்றேன். அதையும் டீச்சர் அவர் மனைவியிடம் கேட்டு வைத்திருந்தார். ஏழு மாத்திரையும் வெறும் வயிற்றில் குமட்டியது. ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து போடுங்கள் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அந்த வீட்டில் காலையில் அடுப்பு எரியாது. மாமியார் பழைய கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். உலை வைப்பது பத்து மணிக்கு மேல்தான். ஒன்பது மணிக்குள் தனக்கென்று ஏதாவது செய்து தரச்சொல்லி மனைவியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வேலைக்குப் போகிற மனுஷிக்கே கஞ்சி, சும்மா இருக்கிறவனுக்கு இட்லியா? திங்கட்கிழமை மாத்திரையை நினைத்ததும் குமட்டியது, போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். எந்த வார்த்தையை வைத்து அவரைக் கேட்டேனோ, அதே வார்த்தைக்குப் பயந்துதான் அவர் மாத்திரைக்கு வராமல் இருந்திருக்கிறார். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வழியில்லை என்று இப்போதும் சொல்வேன். கேட்டால்தானே தெரியும்? ஆனால் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி போய் விழுந்த இடம் அது.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைப்பதும், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று காட்டிய ஆய்வு அங்கே நடந்ததுதான். 1959இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பயிற்சி வகுப்பில் இதை எங்களுக்குப் பெருமையாகச் சொல்லித்தருவார்கள், பெருமைதான். ஆனால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால், அந்த வீட்டின் திண்ணையும் அடுப்பும் மாமியாரும் வார்டுக்குள் வந்துவிடுகிறார்கள் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ‘சும்மாதானே படுத்திருக்கீங்க’ என்று கேட்டிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இருந்திருக்காது. மாமியார் வீட்டுத் திண்ணையில் அது வேறு வார்த்தை.

மறுநாள் மாலை, மாமியார் மூட்டத்தில் இருந்து திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். கைகால் முகமெல்லாம் கரி. முகம் கழுவட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, நான் அன்றைக்குச் சொன்னது மாப்பிள்ளையைக் குறைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது, அதில் எனக்கு வருத்தம் என்றேன்.

அவர் துண்டை உதறிக்கொண்டே, “என்கிட்ட எதுக்கு சார் சொல்றீக? என்னையவா சொன்னீக?” என்றார்.

நியாயமான கேள்வி. நான் அசடு வழிய நின்றேன். ஆனாலும் போனதில் ஒரு பலன். டாக்டர்தான் அவரை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னவர் என்பது அந்தம்மாவுக்கு அதுவரை தெரியாது. “அவுக என்கிட்ட சொல்லலையே” என்றார். மனைவிக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் அம்மா நம்பமாட்டாள் என்று விட்டிருந்தாள். திருப்பூருக்குப் போன் பண்ணி வரச்சொல்லுங்கள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்துவிட்டதாக டீச்சர் சொல்லி அனுப்பினார். முதல் தவணை தப்பி இரண்டு வாரம் முடிய இன்னும் ஒரே நாள். மனைவி போன் செய்ததால் வந்தாரா, அங்கே ஒன்றரை ஷிஃப்ட் உட்கார முடியாமல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டதால் வந்தாரா என்றால், இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். என் பேச்சுக்கு அவ்வளவு பலம் இருந்ததாக நான் எண்ணிக்கொள்ளவில்லை.

போகிற வழியெல்லாம் பைக்கில் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். ‘ஸாரி, ஆனா மாத்திரைய விடக் கூடாதுல்ல’ என்று ஒன்று. ‘மாத்திரைய விட்டது தப்பு, ஆனா நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று இன்னொன்று. எப்படிப் புரட்டிப் போட்டாலும் ‘ஆனா’வுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று வழக்காடுகிற மாதிரியே இருந்தது. நான் எதை வாபஸ் வாங்குகிறேன், எதை வாங்கவில்லை என்று முதலில் எனக்கே தெளிவாக வேண்டியிருந்தது. தவணை தப்பினதைக் கேட்டதை வாபஸ் வாங்க முடியாது. நாளைக்குத் தப்பினாலும் கேட்பேன். வாங்கினால் அவருக்கும் ஆபத்து, அந்த மூன்று வயதுக் குழந்தைக்கும் ஆபத்து. அதே நேரம் என் வார்த்தை அந்த வீட்டுக்குள் போய் ஒரு வேலை செய்திருக்கிறது. அதைச் செய்யச் சொல்லி நான் அனுப்பவில்லை. ஆனாலும் அது என் வார்த்தை. அனுப்பாத வேலைக்கு நான் பொறுப்பில்லை என்று அந்தத் திண்ணையில் போய் வாதாட முடியுமா?

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். என் நியாயத்தை அவர் கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது. சொல்லும்போது அத்தை, மனைவி இருவரும் இருக்க வேண்டும். அவர்கள் காதில் விழுந்த வார்த்தை அது. அவரைத் தனியாக ஓரங்கட்டிச் சொன்னால் என் மனம் வேண்டுமானால் ஆறும். சோறு போடும் நேரத்தில் அது அவருக்கு எதற்கு உதவும்?

அதே திண்ணை. ஞாயிறு என்பதால் மாமியாரும் வீட்டில். மாப்பிள்ளை எழுந்திருக்கப் போனார், உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு இந்த இடத்துல நின்னு, வீட்ல சும்மாதானே இருக்கீங்கன்னு கேட்டேன். அத்தை இருந்தாங்க, உங்க வீட்டம்மா இருந்தாங்க. அந்த வார்த்தை உங்களச் சாப்பாட்டுத் தட்டுல இருந்து எழுப்பிருச்சு. மன்னிச்சிருங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் துடித்தது. உங்க நல்லதுக்குத்தான், நான் அந்த அர்த்தத்துல சொல்லல, டாக்டர் சொல்லித்தானே வேலைக்குப் போகல, எல்லாம் வரிசைகட்டி நின்றன. வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு சிரமம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர், இல்ல சார் என்றோ ஒன்னும் நினைக்கல என்றோ சொல்லவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

“நான் உழைக்காம உக்காந்து திங்கிறேன்னுதானே சார் சொன்னீக?”

போனில் வராத கேள்வி. நான் இடம் கொடுக்காததால் வராமல் போன கேள்வி. இப்போது என் பக்கத்தைச் சொல்லலாம், அவரே கேட்டுவிட்டார். “இல்ல. வேலைக்குப் போறவங்களுக்கு நேரம் ஒத்துவராது, ராத்திரி மாத்திரை குடுக்க ஏற்பாடு பண்ணுவேன். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லையே, பிறகு ஏன் வரலைன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். இனிமே ஒரு தவணை தப்பினாலும் வந்து கேப்பேன். அந்த வார்த்தையில கேக்கமாட்டேன்.”

“கேளுங்க சார். கேக்கணும்ல” என்றார்.

மாமியார் இவ்வளவு நேரமும் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சினிமாவாக இருந்தால் சொல்லியிருப்பார். அவர் உள்ளே போனார், பாத்திரச் சத்தம் கேட்டது. எந்த மாதிரிச் சத்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

டீச்சர்தான் உருப்படியான காரியத்தைச் செய்தார். திங்கட்கிழமையில் இருந்து அங்கன்வாடிக்கு வந்ததும் ஒரு சத்துமாவு உருண்டையைக் கையில் கொடுத்துவிடுவார். அதைத் தின்றுவிட்டு மாத்திரை. கணக்கில் எப்படி எழுதினார் என்று நான் கேட்கவில்லை, மேற்பார்வையாளர் கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. 16ஆவது தவணையில் இருந்து 24 வரை ஒன்றும் தப்பவில்லை. இரண்டு மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அடுத்த நாலு மாதம் வாரத்துக்கு ஓர் அட்டை. அதில் முதல் தவணையை மட்டும் டீச்சர் முன்னால் விழுங்கினால் போதும், மீதியை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் காலி அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

மாமியார் மாறினாரா என்று கேட்டால், இல்லை. ‘சும்மா’ என்கிற வார்த்தை மட்டும் அந்த வீட்டில் செல்லாமல் போனது. சாரே சொல்லிட்டாரு என்று இனிச் சொல்ல முடியாது, சார் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். மற்றபடி பாத்திரங்கள் முன்பு போலவே சத்தம் போட்டன என்று மனைவி டீச்சரிடம் சொன்னாளாம். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனபோது மாமியாரே வாசலில் நின்று, “வாங்க சார், எங்க மாப்ள சும்மா இல்ல, மாத்திரை திங்கிறாக” என்றார். கேலியா, சமாதானமா? இரண்டும்தான் போலிருக்கிறது. மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

உடம்பு தேறியதும் திருப்பூருக்கே போய்விட்டார். மீதி அட்டைகளை அங்கே வாங்கிக்கொள்ள மாற்றல் படிவம் எழுதிக் கொடுத்தேன். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், போகும்போது கேட்டார்.

“சார், அன்னைக்கு நீங்க கேட்டது சரிதான்னு இப்பவும் நினைக்கிறீகல்ல?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “ஆமா” என்றேன்.

“நானும் அப்படித்தான் சார் நினைக்கிறேன். ஆனா அத நினைச்சா இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு.”

சரி என்று தலையாட்டினேன். திருப்பூரில் எந்த ஆஸ்பத்திரிக்கு, என்ன கிழமை போக வேண்டும் என்று இன்னொரு முறை சொன்னேன். காலி அட்டையைக் கீழே போட்டுவிடக் கூடாது, அங்கே கேட்பார்கள் என்றேன்.

“கேக்கட்டும் சார்” என்றார்.